பொருட்காட்சி ஸ்டாலுக்கு ஆள் முறை போடுவது எப்படி?
கொடைக்கானல் மலர்க் கண்காட்சி நாட்களை வைத்து ஒரு கணக்கு

சீசனில் கொடைக்கானலில் ஸ்டால் எடுக்கும் நம் வணிகர்கள் பலர் சரக்குக்குப் போடும் கணக்கை ஆளுக்குப் போடுவதில்லை. மலைப்பூண்டு எத்தனை மூட்டை, தைலம் எத்தனை டஜன், காப்பித்தூள் எத்தனை கிலோ என்று எழுதி வைத்துக் கொள்கிறார்கள். ஆள் என்று வரும்போது மட்டும், "கடையிலிருந்து மூன்று பையன்களை அழைத்துப் போவோம், மாறி மாறிப் பார்த்துக் கொள்வார்கள்" என்று முடித்து விடுகிறார்கள். முதல் இரண்டு நாள் இது ஓடும். மூன்றாம் நாள் மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஸ்டாலைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். உள்ளே ஒரே ஒருவர் தராசையும் கல்லாவையும் சேர்த்துப் பார்த்துக் கொண்டிருப்பார். மற்ற இருவர் சாப்பிடப் போயிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரமும் கூட்ட நேரமும் ஒன்றாக வந்து விழும்படி முறை போட்டது நாம்தான்.

பல நாள் நடக்கும் ஸ்டாலில் ஆள் முறையின் சிக்கல் எல்லாம் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது. இதை அவிழ்க்கும் வழியைப் பார்ப்போம். கணக்குக்கு ஓர் உண்மையான நாட்காட்டி வேண்டும் என்பதால், பிரையண்ட் பூங்காவில் 17-5-2024 வெள்ளிக்கிழமை தொடங்கி 26-5-2024 ஞாயிறு வரை பத்து நாள் நடந்த 61ஆவது மலர்க் கண்காட்சியை எடுத்துக் கொள்கிறேன். ஸ்டாலும் பில் எண்ணிக்கையும் மட்டும் விளக்கத்துக்காக வைத்துக் கொண்டவை. உங்கள் ஸ்டாலின் எண்களை அந்த இடத்தில் போட்டுக் கொள்க.

முதலில் மணிவாரிக் கணக்கு வேண்டும். இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் பில் புத்தகத்தில் அப்போதுள்ள பில்லின் அடிக்கட்டையில் ஒரு கோடு போட்டு மணியைக் குறித்தால் போதும். இரவில் எண்களைக் கழித்துப் பார்த்தால் எந்த மணியில் எத்தனை பில் என்று தெரிந்து விடும். புதிதாக ஸ்டால் போடுகிறவருக்குப் பழைய கணக்கு இருக்காது. அவர் முன் ஆண்டுகளில் போட்டவர்களைக் கேட்டுக் கொண்டு தொடங்கி, இரண்டாம் நாள் இரவு தன் கணக்கை வைத்துத் திருத்திக் கொள்ளலாம். சனி, ஞாயிறு கணக்கை வார நாள் கணக்கோடு கலக்கக் கூடாது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வார நாளில் ஆள் சும்மா நிற்பார். ஞாயிற்றுக்கிழமை ஆள் போதாது.

நம் ஸ்டால் காலை 9 முதல் இரவு 7 வரை விற்பதாகக் கொள்வோம். வார நாளில் 9 முதல் 10 வரை 8 பில், 10 முதல் 11 வரை 16 பில். 11 மணியிலிருந்து 2 மணி வரை மணிக்கு 36 பில். 2 முதல் 4 வரை மணிக்கு 15. மீண்டும் 4 முதல் 6 வரை மணிக்கு 38. கடைசி ஒரு மணியில் 16. மொத்தம் 254 பில். அதில் 184 பில் உச்ச நேரமான ஐந்து மணிக்குள் விழுகிறது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல்.

இரண்டு உச்சங்கள் வருவதற்குக் காரணம் உண்டு. மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி அன்றே திரும்புகிறவர்கள் மலையேறி வந்து சேர முற்பகலாகி விடும். முதல் உச்சத்தில் அவர்கள் பங்கு பெரியது. மாலை உச்சத்தில் இரண்டு வகையினர் கலந்து வருகிறார்கள். இருட்டுவதற்குள் மலையிறங்க நினைப்பவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போக அவசரமாக வருவார்கள். அறை எடுத்துத் தங்கியவர்கள் தூண் பாறைப் பக்கம் சுற்றி விட்டு ஏரிக்கரைக்குத் திரும்பி நிதானமாக வருவார்கள். முன்னவருக்கு வேகம் வேண்டும்; பின்னவருக்குப் பேச்சு வேண்டும். அதனால்தான் மாலை நேரத்தில் பில் எண்ணிக்கை காட்டுவதைவிட வேலை கூடுதலாகத் தெரியும்.

இனி எத்தனை ஆள்? ஒரு பில்லுக்கு எடை போட்டு, கட்டிக் கொடுத்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று நிமிடம் என்றால், ஒரு விற்பனை ஆள் மணிக்கு 20 பில் பார்ப்பார். பொட்டலம் கட்டுவது இப்போது முன்பைவிடச் சற்று நேரம் பிடிக்கிறது. 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் காகிதம் அல்லது துணிப் பைதான். 36 பில் வரும் மணிக்கு விற்பனைக்கு இருவர், கல்லாவுக்கு ஒருவர், ஆக மூவர் தேவை. தளர்ந்த நேரத்தில் விற்பனைக்கு ஒருவர், கல்லாவுக்கு ஒருவர், ஆக இருவர். விற்கும் நேரத்தில் இருவருக்குக் குறையவே கூடாது. தனி ஆளாக நிற்பவர் சிறுநீர் கழிக்கக் கூடப் போக முடியாது. போனால் கல்லா திறந்து கிடக்கும்.

இதன்படி வார நாளில் வேண்டியது: 9 முதல் 11 வரை இருவர், 11 முதல் 2 வரை மூவர், 2 முதல் 4 வரை இருவர், 4 முதல் 6 வரை மூவர், 6 முதல் 7 வரை இருவர். கூட்டினால் 25 ஆள்-மணி. ஆளுக்கு எட்டு மணி என்று வகுத்துப் பார்ப்பவர், "மூன்று ஆள் போதும், ஒரு மணி நேரம்தான் இடிக்கிறது" என்பார். இங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் நேரம் சரியாக விழாது.

மூவரை வைத்துப் பாருங்கள். மூவரும் 9 மணிக்கு வருகிறார்கள். 12, 1, 2 என்று மணிக்கு ஒருவராகச் சாப்பிடப் போகிறார்கள். அப்படியானால் 12 முதல் 2 வரை ஸ்டாலில் இருவர்தான், வேண்டியதோ மூவர். சரி, சாப்பாட்டை எல்லாம் இரண்டு மணிக்கு மேல் தள்ளி விடலாம் என்றால், 9 மணிக்கு வந்தவர் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் நின்றிருப்பார். கடைசியாகப் போகிறவருக்கு ஏழு மணி நேரம் ஆகி விடும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வகுத்த அளவு இங்கே நல்ல அளவுகோல்: தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை, ஓய்வையும் சேர்த்து வந்த நேரத்துக்கும் போகும் நேரத்துக்கும் இடையே பன்னிரண்டு மணிக்கு மேற்படக் கூடாது. நான்கு மணி என்ற வரம்பு அனுபவத்துக்கும் ஒத்து வருகிறது. அதைத் தாண்டினால் மீதிச் சில்லறையில் தவறு வரத் தொடங்கும்.

ஆகவே மூன்று சிப்பந்திகளும், நான்காவதாக முதலாளியும் வேண்டும். நால்வரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லாமல் படிப்படியாக வரச் செய்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முறை இப்படி அமையும்:

காலை ஆள்: 8.30க்கு வந்து திறப்பார். 12 வரை வேலை. 12 முதல் 1 சாப்பாடு. 1 முதல் 3 வேலை. 3 முதல் 4 ஓய்வு. 4 முதல் 6 வேலை.

துணை ஆள்: 9 முதல் 1 வேலை. 1 முதல் 2 சாப்பாடு. 2 முதல் 4 வேலை. அத்துடன் அவர் நாள் முடிந்தது.

மதிய ஆள்: 11க்கு வருவார். 2 வரை வேலை. 2 முதல் 3 சாப்பாடு. 3 முதல் 7 வேலை.

முதலாளி: 12க்கு ஸ்டாலுக்கு வருவார். 3 வரை கல்லா. 3 முதல் 4 சாப்பாடு. 4 முதல் 7 கல்லா, 7.30 வரை கணக்கு முடிப்பு.

பென்சிலை எடுத்து மணிக்கு மணி எண்ணிப் பாருங்கள். 12 மணிக்குக் காலை ஆள் சாப்பிடப் போகும் அதே நிமிடம் முதலாளி உள்ளே வருகிறார். துணை ஆள், மதிய ஆளுடன் மூவர். 1 மணிக்குக் காலை ஆள் திரும்ப, துணை ஆள் போகிறார், அப்போதும் மூவர். 2 முதல் 3 வரை மூவர் இருப்பார்கள். வேண்டியது இருவரே, ஆகவே ஒருவர் கிட்டங்கிக்குப் போய் மாலைச் சரக்கை எடுத்து வரலாம். 3 முதல் 4 வரை துணை ஆளும் மதிய ஆளும். 4 மணிக்கு முதலாளியும் காலை ஆளும் திரும்ப, துணை ஆள் கிளம்புகிறார். 6 வரை மூவர். கடைசி மணியில் மதிய ஆளும் முதலாளியும். எவரும் தொடர்ந்து நான்கு மணிக்கு மேல் நிற்கவில்லை. காலை ஆளுக்கு நாளுக்கு ஏழரை மணி, மதிய ஆளுக்கு ஏழு, துணை ஆளுக்கு ஆறு.

முதலாளியை நண்பகலுக்கு வைத்தது சொகுசுக்காக அல்ல. காலையில் அவருக்கு வெளி வேலை இருக்கிறது: பூம்பாறைப் பக்கமிருந்து பூண்டு வந்ததா, வத்தலக்குண்டிலிருந்து வண்டி ஏறியதா என்று பார்க்க வேண்டும். 7-5-2024 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. அதோடு சீசனில் மலைப்பாதை நெரிசல் எப்போது தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மாற்று ஆளைக் கீழிருந்து தேவைப்படும்போது அழைத்துக் கொள்ளலாம் என்று நம்பி முறை போடக் கூடாது. முறையில் பெயர் உள்ள அனைவரும் முதல் நாளுக்கு முந்திய இரவே மலை மேல் இருக்க வேண்டும், அல்லது உள்ளூராராக இருக்க வேண்டும். துணை ஆள் நான்கு மணிக்கே கிளம்புவதால், தூரத்து மலைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவரை அந்த இடத்தில் போடுவது நல்லது.

சாப்பாட்டு மாற்று என்றால் ஆள் மாறுவது மட்டும் அல்ல, கல்லாவும் மாறுகிறது. பன்னிரண்டு மணிக் கூட்டத்தில் பணத்தை எண்ணி ஒப்படைக்க முடியாது. எண்ணாமல் ஒப்படைத்தால் இரவில் முந்நூறு ரூபாய் குறையும். யார் கையில் குறைந்தது என்று தெரியாது, மனக்கசப்பு மட்டும் மிஞ்சும். இதற்கு இரண்டு கல்லாப்பெட்டி வைப்பதே வழி. காலை ஆளுக்கு ஒரு பெட்டி, முதலாளிக்கு ஒரு பெட்டி, இரண்டிலும் முதல் நாள் இரவே எண்ணிப் போட்ட சில்லறை. 12 மணிக்கு முதல் பெட்டியைப் பூட்டி, அதுவரை போன பில் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மேலே ஒட்டி விட வேண்டியதுதான். பெட்டியை 2 மணிக்கு மேல் எண்ணிக் கொள்ளலாம். 3 முதல் 4 வரை முதலாளி சாப்பிடும்போது, எண்ணி முடித்த அந்தப் பெட்டியை மதிய ஆள் திறந்து கொள்வார். மொபைலில் பணம் அனுப்புகிறவர்கள் பணத்தைப் பெற்றதற்கான அறிவிப்பு ஸ்டாலில் ஒலிக்கும்படி இருக்க வேண்டும். முதலாளியின் சட்டைப் பையில் மட்டும் அது வந்தால், அவர் சாப்பிடப் போன ஒரு மணியில் யார் பணம் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மணி நேரச் சாப்பாடு உண்மையில் ஒரு மணிதானா என்பதையும் பார்க்க வேண்டும். சீசனில் 1 முதல் 2 வரை ஓட்டல்களில் இடம் கிடைக்காது. போக வர நடை, இடத்துக்குக் காத்திருப்பு, எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி ஆகி விடும். அந்த அரை மணி அடுத்து சாப்பிடப் போக வேண்டியவர் தலையில் விழும். நம் முறையில் 12, 2, 3 மணிக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1 மணிக்குப் போகும் துணை ஆளுக்கு மட்டும் அருகிலுள்ள மெஸ்ஸில் சொல்லி டிபன் கேரியரில் சாப்பாடு வரவழைத்து விடுங்கள். அதை அவர் ஸ்டாலுக்குப் பின்புறம் மறைவில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கவுண்டர் ஓரத்தில் சாப்பிட வைத்தால் இரண்டாவது கவளத்தில் எவராவது விலை கேட்பார், அது ஓய்வாகாது. உட்கார இரண்டு முக்காலியும் போடுங்கள். கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்து விட்டது.

சனி, ஞாயிறுக்குப் புது முறை எழுதத் தேவையில்லை. அன்று காலை பத்து மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆள் கூடுதலாக வேண்டியிருப்பதாகக் கொள்வோம். மேற்படி முறையின் மேல் ஐந்தாவதாக ஓர் உதிரி ஆளைப் போட வேண்டும்: 10 முதல் 2 வேலை, 2 முதல் 3 சாப்பாடு, 3 முதல் 7 வேலை. இரண்டு மணிக்கு ஏற்கெனவே ஓர் ஆள் மிச்சம் இருப்பதால் அவர் சாப்பாட்டுக்கு வேறு மாற்றே வேண்டியதில்லை. இந்த உதிரி ஆள் கொடைக்கானலிலேயே வீடுள்ளவராக இருப்பது முக்கியம். சீசனில் நான்கு நாளுக்காக ஒருவருக்கு அறை பிடித்துக் கொடுத்தால் லாபம் அதிலேயே போய் விடும்.

இதே உதிரி ஆள்தான் வார விடுமுறைக்கும் கை கொடுப்பார். பத்து நாளும் ஒருவரை விடாமல் நிறுத்தக் கூடாது. மதிய ஆளுக்கு நாளுக்கு ஏழு மணி. ஏழு நாளுக்கு 49 ஆகி 48ஐத் தாண்டி விடுகிறது. 2024 நாட்காட்டியைப் பாருங்கள். 18, 19 சனி ஞாயிறு. 25, 26 சனி ஞாயிறு. இடையில் 22 புதன்கிழமை வைகாசி விசாகம். அன்று பக்தர் கூட்டம் பழனியில் இருக்கும். தரிசனம் முடித்தவர்களில் ஒரு பகுதி மறுநாள் மலைப்பாதை வழியே கொடைக்கானல் ஏறி வருவார்கள் என்று எதிர்பார்த்துக் கொள்ள வேண்டும். எனவே 20 திங்கள் காலை ஆளுக்கு விடுமுறை, 21 செவ்வாய் மதிய ஆளுக்கு, 22 புதன் துணை ஆளுக்கு. அந்தந்த நாளில் உதிரி ஆள் அவரவர் இடத்தில், அவரவர் நேரப்படியே நிற்பார். 23 வியாழன் யாருக்கும் விடுமுறை இல்லை; உதிரி ஆளிடம், "கூட்டம் இருந்தால் கூப்பிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 24 வெள்ளி அவருக்கு ஓய்வு. இப்படிப் போட்டால் 18 முதல் 23 வரை அவர் ஆறு நாளும் வந்தாலும் 44½ மணிதான் ஆகிறது. மூன்று சிப்பந்திகளுக்கும் ஒன்பது நாள் சம்பளம், உதிரி ஆளுக்கு ஏழு அல்லது எட்டு நாள். மூன்றே ஆள் போட்டுப் பத்து நாள் ஓட்டினால் முப்பது நாள் சம்பளம். நம் முறையில் 34 அல்லது 35. அந்த நாலைந்து நாள் கூலி கூடுதல் செலவுதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உச்ச மணியில் ஓர் ஆள் குறைந்தால் மணிக்கு 16, 18 பில் வரை பார்க்க முடியாமல் போகும் என்பதை அதன் எதிரே வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

மழை இந்த முறையைக் கலைக்கும். மே மாதத்தில் கொடைக்கானலில் பிற்பகல் மழை சாதாரணம். மழை பிடித்ததும் வியாபாரம் நின்று விடும். ஆனால் ஸ்டால் கூரையின் கீழ் முப்பது பேர் ஒதுங்கி நிற்பார்கள். வாங்காத கூட்டம் என்று ஆளைக் குறைத்தால் முன் வரிசையில் அடுக்கிய பாட்டில்கள் குறையும். ஆகவே மழையிலும் இருவர் நிற்க வேண்டும். ஒருவர் வெளி ஓரத்தில். 2 மணிக்கு முன் மழை வலுத்தால், மூன்று மணிச் சாப்பாட்டை உடனே முன்னுக்கு இழுத்து விடலாம். மழை விட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க வருவார்கள், அப்போது அனைவரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இதை முடிவு செய்ய ஸ்டாலில் ஒருவருக்கே அதிகாரம் இருக்க வேண்டும்: முதலாளி இருந்தால் முதலாளி, இல்லாவிட்டால் காலை ஆள்.

முறை சரியாக ஓடுகிறதா என்று அறிய இரவில் அதே பில் அடிக்கட்டைகளைப் பாருங்கள். 12 முதல் 2 வரையுள்ள எண்ணிக்கை 11 மணி எண்ணிக்கையை விடச் சட்டென்று இறங்கியிருந்தால், கூட்டம் குறைந்ததா ஆள் குறைந்ததா என்று கேளுங்கள். பக்கத்து ஸ்டாலில் அந்த நேரம் நெருக்கடி இருந்திருந்தால் குறைந்தது ஆள்தான். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து விட்டு விலை கேட்காமலே வைத்து விட்டுப் போகிறவர்கள் கண்ணில் பட்டாலும் அதே பொருள். அப்போது முறையை முழுவதும் மாற்ற வேண்டாம். பெரும்பாலும் யாரோ ஒருவர் சாப்பாட்டிலிருந்து கால் மணி பிந்தி வந்திருப்பார். அந்த ஒருவருடைய நேரத்தை மட்டும் சரி செய்தால் போதும். ஆள் முறையை ஓர் அட்டையில் பெரிதாக எழுதித் தராசுக்குப் பின்னால் தொங்க விட்டால், யார் எப்போது திரும்ப வேண்டும் என்று ஒருவரை ஒருவர் நினைவூட்டிக் கொள்வார்கள்.

கடைசி நாளான 26 ஞாயிற்றுக்கிழமை ஐவரும் முழு முறையில் நிற்பார்கள். ஏழு மணிக்கு விற்பனை முடிந்ததும் அவர்களையே வைத்து மூட்டை கட்டச் சொல்லாதீர்கள். குளிரில், களைப்பில் கண்ணாடிப் பாட்டில் உடையும், சரக்குக் கணக்கும் தவறும். இரவு ஒருவரைக் காவலுக்கு வைத்து விட்டு, இடத்தைக் காலி செய்ய மறுநாள் காலை வரை நேரம் தருவார்களா என்பதை ஸ்டால் எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். தர மாட்டார்கள் என்றால், மாலை 4 மணிக்கு வேலை முடிந்து ஓய்வெடுத்த துணை ஆளையும், இறக்கு ஏற்றுக்கு இரண்டு கூலி ஆட்களையும் ஏழரை மணிக்கு வரச் சொல்லி வைக்க வேண்டும்.